பிரேக் பெடல் இறுகி, புஸ்ஸென்று சத்தம் வந்தால்: பூஸ்டர் வேலையில் செய்யக் கூடாத தவறுகள்

எங்கள் காரைக்குடிப் பக்கம் கல்யாண சீசன் வந்துவிட்டால், பெரிய வீட்டு ஷெட்டுகளில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே வாரத்தில் ரோட்டுக்கு வந்துவிடும். அப்போது அடிக்கடி வரும் புகார் இது: நேற்று வரை லேசாக அமுங்கிய பிரேக் இன்று கல்லாக இருக்கிறது, மிதித்தால் காலடியில் புஸ்ஸென்று காற்றுச் சத்தம். பட்டறையில் புதிதாகச் சேரும் தம்பிகள், நாங்கள் தொழில் பழகும்போது செய்த அதே தப்புகளையே திரும்பச் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பிரேக் ஆயில் ஊற்ற மறப்பது, பேட் தேய்ந்ததைப் பார்க்காமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அதற்குள் போகவில்லை.

முதலில் பூஸ்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தி லைனுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த வட்டமான தகர டப்பாவுக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும், அது டப்பாவை இரண்டு அறையாகப் பிரிக்கும். கால் வைக்காதபோது இரண்டு அறையிலும் வேக்குவம்தான். மிதித்ததும் பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழையும், முன் அறையில் வேக்குவம் அப்படியே இருக்கும். இந்த அழுத்த வித்தியாசம்தான் டயாஃப்ரத்தை முன்னால் தள்ளி நம் காலுக்கு உதவுகிறது. பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தும், டீசலில் தனி வேக்குவம் பம்பிலிருந்தும் ஓஸ் வழியாக இந்த வேக்குவம் வரும். வந்தது திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பது வழியில் இருக்கும் செக் வால்வு. மிதிக்கும் நொடியில் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்பது சாதாரணம். காலை எடுக்காமல் வைத்திருக்கும்போதும் சத்தம் நிற்காமல் வந்தால்தான் கோளாறு.

ஓடும்போது இறுகினால் திரும்பத் திரும்ப மிதிப்பது

செய்யாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் மிச்சமிருக்கும் வேக்குவம் கரைந்துபோகும். பிரேக் போய்விடவில்லை, உதவிதான் போயிருக்கிறது. முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை இன்ஜினை அணைக்க வேண்டாம்.

பிளீடிங் செய்து பார்ப்பது

பிளீடிங் என்பது பிரேக் லைனில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றுவது. லைனில் காற்று இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கும். இறுகாது. நிப்பிளைத் தொடாதீர்கள்.

பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஓஸையும் வால்வையும் திரும்ப மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பூஸ்டர் விலையோடு ஒப்பிட்டால் செக் வால்வு விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சின்ன வால்வைப் பார்க்காமல் விட்டதால் ஒரே வண்டிக்கு இரண்டு பூஸ்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு டீசல் வண்டி வந்தது. வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்பக்கம் மாட்டியிருக்கும் பழைய ரகம். ஓட்டி வந்த தம்பி, "அண்ணே, போன மாசம்தான் புது பூஸ்டர் போட்டுது, மறுபடியும் ஏறி நின்னு மிதிக்க வேண்டியிருக்கு, காலுகிட்ட புஸ்ஸுங்குது" என்றார். வேறொரு பட்டறையில் முதலில் பிளீடிங் செய்திருக்கிறார்கள், அப்புறம் மாஸ்டர் சிலிண்டர், கடைசியில் பூஸ்டர். ஓஸை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. நான் இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து மிச்ச வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, பூஸ்டர் பக்கத்து ஓஸைப் பிடுங்கினேன். உள்ளே விரலை விட்டால் கருப்பாக இன்ஜின் ஆயில். பூஸ்டர் வாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியில் துணியைச் சுற்றி விட்டுப் பார்த்தேன், அதுவும் நனைந்து வந்தது.

விஷயம் இதுதான். அந்த வேக்குவம் பம்புக்கு இன்ஜின் ஆயில்தான் மசகு. இன்ஜின் ஓடும்போது பம்ப் பூஸ்டரிலிருந்து காற்றை இழுத்து, ஆயிலோடு சேர்த்து இன்ஜினுக்குள்ளேயே தள்ளிவிடும். இன்ஜினை அணைத்ததும் பம்ப் நிற்கும், ஆனால் பூஸ்டருக்குள் வேக்குவம் இன்னும் இருக்கும். செக் வால்வு சரியாக மூடினால் ஒன்றும் ஆகாது. மூடாவிட்டால், பூஸ்டர் திருப்பி உறிஞ்சும், பம்பில் நிற்கும் ஆயிலும் கூடவே வரும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த ஆயிலில் ஊறி டயாஃப்ரம் ரப்பர் உப்பி, இளகி, ஒரு நாள் மடிப்பு ஓரத்தில் கிழியும். அப்புறம் மிதித்ததும் உள்ளே வரும் காற்று கிழிசல் வழியாக முன் அறைக்குப் போய்விடும், அழுத்த வித்தியாசமே உருவாகாது. கேட்கிற புஸ் சத்தம் அந்தக் காற்றுதான். இப்போது புது பூஸ்டரைப் போட்டு, அதே வால்வையும் உள்ளே ஆயில் நிற்கிற அதே ஓஸையும் மாட்டினால் என்ன ஆகும்? அதேதான் ஆனது.

வால்வைச் சோதிப்பது சுலபம். கழற்றித் துடைத்துவிட்டு, பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் துளிக்கூடப் போகக் கூடாது. வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம், ஆயில் வரும். அம்புக்குறி இருந்தால் அது இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தேவகோட்டை வண்டியின் வால்வில் இரண்டு பக்கமும் காற்று போனது. பூஸ்டர், ஓஸ், வால்வு மூன்றையும் மாற்றி, பம்பிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் மடங்கியோ அடைத்தோ இல்லை என்று பார்த்துவிட்டு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி ஓஸைப் பிடுங்கிப் பார்த்ததில் உள்ளே காய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொன்னேன்.

சத்தம் எங்கிருந்து என்று கேட்காமலே பூஸ்டரைக் குறை சொல்வது

காலடியில், மிதித்தால் மட்டும் தொடர்ந்து வந்தால் டயாஃப்ரம் அல்லது அதோடு இருக்கும் கன்ட்ரோல் வால்வு. பானட்டுக்குள் வந்தால் முதலில் ஓஸைப் பாருங்கள். ஷெட்டில் கிடந்த வண்டியில் ரப்பர் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் எலி கடித்திருக்கும். பெட்ரோல் வண்டியில் இன்னொரு அடையாளம் உண்டு: மிதித்ததும் ஐடில் தடுமாறும், ஓஸைக் கிளாம்ப் போட்டு அடைத்தால் சீராகிவிடும். டீசலில் ஐடில் மாறாது என்பதால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டைனமோ பம்ப் வண்டியில் பேட்டரி லைட்டும் எரிந்து பிரேக்கும் இறுகினால் பெல்ட் அறுந்திருக்கும்.

கழற்றுவதற்கு முன் மூன்று சோதனை போதும். இன்ஜின் அணைந்திருக்க, பெடல் இறுகும் வரை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் வரவில்லை, அல்லது தங்கவில்லை. அடுத்து ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, நாலைந்து நிமிடம் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்தவை மேலேறியும் வர வேண்டும். முதல் மிதியே இறுகினால் வேக்குவம் கசிகிறது, செக் வால்வு மேல்தான் முதல் சந்தேகம். கடைசியாக, நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடும்போது மிதித்துப் பிடித்தபடியே இன்ஜினை அணைத்து 30 வினாடி காத்திருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் கசிவு.

வேக்குவம் ஓஸுக்குப் பதிலாகப் பெட்ரோல் ஓஸை வெட்டி மாட்டுவது

வேண்டாம். உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் ஆயில் குறைவதைக் கவனிக்காதது

சக்கரத்தில் ஈரம் இல்லை, தரையில் சொட்டு இல்லை, ஆனால் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மட்டும் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள் போகிறது. இங்கே பூஸ்டரை மட்டும் மாற்றினால் போட்ட காசு வீண். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

புஷ் ராடு அளவைப் பார்க்காமல் மாட்டுவது

பழைய பூஸ்டரில் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடின் நீளத்தை அளந்து புதியதில் அதே அளவு வையுங்கள். நீளம் கூடினால் பிரேக் முழுதாக விடாது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். நாலும் ஒன்றுபோலக் கொதித்தால் ராடைக் குறையுங்கள்.