போர்ட்ரெய்ட் வீடியோவில் காதோரம் ஏன் மினுக்குகிறது?

போனில் போர்ட்ரெய்ட் மோடில் வீடியோ எடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவர் முழுக்க மங்கியிருக்கும், அந்த முக்கோண இடைவெளியில் மட்டும் அதே சுவர் பளிச்சென்று தெரியும்.

காரணம், அது லென்ஸ் தந்த மங்கல் இல்லை. ஒளி நுழையும் துளை அகலமாக இருந்தால்தான் லென்ஸ் பின்னணியை நன்றாக மங்கவைக்கும். பெரிய கேமராவின் 50 மிமீ லென்ஸை f/1.8-இல் வைத்தால், அதாவது குவியத் தூரமான 50-ஐ 1.8-ஆல் வகுத்தால், துளை கிட்டத்தட்ட 28 மிமீ அகலம். போனின் மெயின் கேமராவுக்கு உண்மையான குவியத் தூரமே சுமார் 7 மிமீதான், அதனால் அதே f/1.8-இல் துளை 4 மிமீகூட வராது, இரண்டு மீட்டரில் நிற்பவரும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே தெளிவில்தான் பதிவாகும். ஆகவே எது அருகில், எது தூரத்தில் என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் போன் கணித்து மங்கலைப் பூசுகிறது. பறக்கும் முடி, மூக்குக் கண்ணாடி விளிம்பு, விரல் இடுக்கு இங்கெல்லாம் கணிப்பு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், அதுதான் மினுக்கலாகத் தெரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? மங்கலின் அளவை மாற்றும் f எண் திரையில் இருந்தால் 2-இலிருந்து 5.6 பக்கம் தள்ளுங்கள், தவறு பாதி மறையும். ஒரு பொருளைக் காட்டுவதாக இருந்தால் மோடையே அணைத்துவிட்டு, ஃபோகஸ் பிடிக்கும் அளவுக்கு 20 செமீ வரை நெருங்கி, பின்னணியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அப்போது வருவது நிஜ மங்கல், விளிம்பு பிசகாது.