ஜேஇஇ, பிட்சாட் ஃபார்ம்ல எக்ஸாம் சிட்டி, ஸ்லாட் போடுறப்ப பண்ணக்கூடாத தவறுகள்

ஃபார்ம்ல பேரு, மார்க்கு, போட்டோ எல்லாத்தையும் நாலு தடவை செக் பண்றவங்க கூட எக்ஸாம் சிட்டி வர்ற இடத்துல ரெண்டு நிமிஷத்துல எதையாவது போட்டுட்டு அடுத்த பக்கம் போயிடுறாங்க, அப்புறம் சிட்டி ஸ்லிப் வந்த அன்னைக்கு வீட்டுல எல்லாரும் தலையில கை வச்சு உக்காந்துருக்காங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஜேஇஇ மெயின்ல நீங்க தேர்வு பண்றது சிட்டிய மட்டும்தான், சென்டரை இல்ல. எந்த நாள், காலையா மதியமாங்கறதும் உங்க கையில இல்ல, அவங்களே ஒதுக்குவாங்க. நாலு ஊர் கேப்பாங்க, முதல் ஊர் கிடைச்சிடும்னு நம்பி மத்த மூணையும் சும்மா நிரப்புறதுதான் நான் அதிகம் பாக்கற தவறு. நாலாவதா போட்டதும் வரலாம், சில சமயம் நிர்வாகக் காரணம்னு நாலுலயும் இல்லாத ஊர் கூட வரலாம், வந்த பிறகு மாத்தித் தர மாட்டாங்க. அதனால நாலாவதா எழுதற ஊருக்கும் உங்களால நிஜமாவே போக முடியணும்.

மன்னார்குடில இருக்கற ஒரு பொண்ணை எடுத்துக்குவோம். முதல்ல தஞ்சாவூர், இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ரெண்டாவது திருச்சி. இங்கதான் கணக்குப் போடணும், காலை ஷிஃப்ட் 9 மணிக்கு ஆரம்பம்னாலும் கேட்டை 8.30க்கே பூட்டிடுவாங்க, 7 மணிலேருந்து உள்ள விடுவாங்க. திருச்சி பஸ் ஸ்டாண்டுல இறங்குனா வேலை முடியல, சென்டர் பெரும்பாலும் ஊருக்கு வெளிய இருக்கற ஏதாவது இன்ஜினியரிங் காலேஜா இருக்கும், அங்கேருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ புடிக்கணும். அப்போ விடியக்காலை மூணு மூணரைக்கு மன்னார்குடிலேருந்து கிளம்பணும், இல்லன்னா முந்தின நாளே போய் தங்கணும். தங்கத்தான் போறோம்னா மூணாவதா மதுரையா சென்னையா? கிலோமீட்டர்ல மதுரை கிட்டத்தான், ஆனா சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல இறங்கிடலாம், அங்க சித்தி வீடு இருந்தா ஒரு நாள் முன்னாடி போய் நல்லா தூங்கிட்டு எக்ஸாமுக்குப் போகலாம். இந்தப் பொண்ணுக்கு நான் சென்னையத்தான் மூணாவதா போடச் சொல்வேன். மதுரை நாலாவது.

அதாவது மேப்ல தூரம் பாக்காதீங்க, காலை 7 மணிக்கு ஒரு காலேஜ் வாசல்ல நிக்க முடியுமான்னு பாருங்க. ரெயில்ல இறங்கி நேரா எக்ஸாமுக்குப் போயிடலாம்ங்கற திட்டம் மட்டும் வேணாம், ஒரு மணி நேரம் லேட்டானா முடிஞ்சுது. முதல்ல வர்ற சிட்டி ஸ்லிப்புல ஊர் பேரும் எக்ஸாம் தேதியும் தெரியும், சென்டர் அட்ரஸ் அட்மிட் கார்டுலதான் வரும், அது பெரும்பாலும் எக்ஸாமுக்கு மூணு நாலு நாள் முன்னாடிதான் வரும். ஸ்லிப்ப பாத்துட்டு ஊருக்கு நடுவுல ரூம் போட்டுட்டு அப்புறம் சென்டர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு தெரிஞ்சு திண்டாடுறவங்க நிறைய. டிக்கெட்டை ஸ்லிப் வந்தவுடனே போடுங்க, ரூமை அட்மிட் கார்டு பாத்துட்டு போடுங்க.

பிட்சாட் கதை வேற. அதுல முதல்ல சென்டர் விருப்பம் கேப்பாங்க, அப்புறம் உங்களுக்கு எந்த சென்டர்னு அறிவிப்பாங்க, அதுக்கும் அப்புறம்தான் நாளும் ஸ்லாட்டும் நாமளே புக் பண்ணணும். ஃபீஸ் கட்டியாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு பசங்க லாகின் பக்கமே போறதில்ல. முந்துறவங்களுக்குத்தான் ஸ்லாட், கடைசி நாள் போனா மிச்சம் மீதிதான் இருக்கும். ஃபார்ம் போடுறப்ப குடுத்த மெயில் ஐடி ப்ரௌசிங் சென்டர்காரரோடதா இருந்தா இன்னும் மோசம், தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

சரி, புக் பண்ணப் போறீங்க, எந்த நாள்? உங்க செஷன் மே மாசத்துல வந்தா, அந்த நேரத்துல மத்திய பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வும் நடந்துட்டு இருக்கலாம், க்யூட் தேதி நம்ம கையில இல்ல. அதனால க்யூட் தேதி தெரிஞ்சிருந்தா அதை முதல்ல பேப்பர்ல எழுதி வச்சுட்டு, அதுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் விட்டுட்டு பாக்கி நாள்ல எடுங்க. காலை ஸ்லாட்டா மதியமாங்கறதுல என் கருத்து, வெளியூர்லேருந்து அன்னைக்கே வர்றவங்க மதியம் எடுங்க, அதே ஊர்ல இருக்கறவங்க காலைல எடுங்க, மே வெயில்ல ஒரு மணிக்கு அலைஞ்சுட்டு மூணு மணி நேரம் ஸ்க்ரீனைப் பாக்கறது லேசான காரியம் இல்ல. மதியம் சாப்பிட்டா கண்ணு சொக்குற ஆளுன்னா வெளியூரா இருந்தாலும் முந்தின நாள் வந்து தங்கி காலை ஸ்லாட்டே எடுங்க.

கன்ஃபர்ம் அமுக்கறதுக்கு முன்னாடி தேதியையும் ஸ்லாட்டையும் வீட்டுல ஒருத்தர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டுங்க, அப்புறம் மாத்திக்கலாம்னு அமுக்காதீங்க. அமுக்கினதும் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூட வரப்போறவங்களுக்கு அனுப்பிடுங்க.