சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்குச் சர்க்கரை வந்தால்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்துவிட்டது, உடம்பின் சளியும் சுரப்புகளும் கெட்டியாகிவிடும் பிறவி நோய் அது. சாப்பாட்டோடு என்சைம் கேப்ஸ்யூல், காலையும் மாலையும் நெபுலைசர், நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பது என்று பாளையங்கோட்டை வீட்டில் எல்லாம் பழகிப்போன விஷயம். போன வருஷம் 44 கிலோ இருந்தவன் ஆறேழு மாதத்தில் 41 கிலோவுக்கு வந்துவிட்டான். சளித்தொல்லை கூடியிருக்கிறது, அதனால்தான் மெலிகிறான் என்று நினைத்துக்கொண்டோம். முதல் தவறு இதுதான். இந்த நோயில் எடை இறங்கினாலோ மூச்சுப் பரிசோதனை அளவு குறைந்தாலோ சர்க்கரையையும் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் சர்க்கரை என்று பெயர் வைப்பதற்குச் சில வருஷம் முன்பே உடம்பு இறங்கத் தொடங்கிவிடும். அடிக்கடி சிறுநீர், அதிக தாகம் எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது தவறு, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தை நம்பியது. பக்கத்து லேபில் 96 வந்தது, மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி 5.9. நார்மல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நாங்களும் நிம்மதியாக வந்துவிட்டோம். ஆனால் இந்த வகைச் சர்க்கரை சாப்பிட்ட பிறகுதான் ஏறும், வெறும் வயிற்றில் பல வருஷம் ஒழுங்காகவே இருக்கும். மூன்று மாத சராசரியும் இவர்களுக்குக் குறைத்தே காட்டலாம். அது 6.5-க்கு மேல் வந்தால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்ளலாம், குறைவாக வந்ததால் சர்க்கரை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதனால்தான் பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கும் நாளில், இரவு முழுக்க வெறும் வயிறு, கிலோவுக்கு 1.75 கிராம் குளுக்கோஸ், அதிகபட்சம் 75 கிராம். இவனுடைய 41 கிலோவுக்கு 72 கிராம் கணக்கு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 218. இரண்டு மணி அளவு 200-ஐத் தொட்டாலே சர்க்கரை. வேறொரு நாளும் வைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

அப்புறம் வீட்டில் பெரிய விவாதம். ஆச்சிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. "எனக்கு மாத்திரையிலயே அடங்குதுல்லா, பச்சப் புள்ளைக்கு எதுக்குலே ஊசி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, பதிலையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு வந்தது இரண்டாம் வகை. கணையம் இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை, கூடவே எடையும் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். இவனுக்கு நடந்தது இரண்டும் இல்லை. நுரையீரலில் சளி கெட்டியாவது போலவே கணையத்தின் குழாயிலும் சுரப்பு கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் கணையம் தழும்பாகி, கொழுப்பு படிந்து, நடுவில் இருக்கிற இன்சுலின் செல்களும் குறைந்துபோகின்றன. முழுக்கப் போவதில்லை, கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் இன்சுலின் அறவே இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ், முதல் வகையில் பயப்படுகிற அது, இவர்களுக்கு அபூர்வம். சாப்பிட்டதும் வேகமாகச் சுரக்க வேண்டிய இன்சுலின்தான் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது.

குறைவது இன்சுலின் என்றால் கொடுக்க வேண்டியதும் இன்சுலின்தான். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கிற மருந்து மட்டும் இல்லை, சாப்பிட்டதைத் தசையாக மாற்றி உடம்பில் நிறுத்துவதும் அதுதான். அது போதாதபோது தசை கரைகிறது, மூச்சு இழுக்கும் தசையும் சேர்ந்துதான். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் வயிற்று அளவு நார்மலாக இருந்த இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஒரு வருஷம் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் கொடுத்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த எடை திரும்பி ஏறியது. கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் ரெபாக்ளினைடு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எடை முதலில் கொஞ்சம் ஏறியது, ஆனால் அது நிலைக்கவில்லை. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில் சர்க்கரை அளவைப் பொறுத்தவரை அந்த மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஊசியே முடியாது என்பவர்களுக்கு டாக்டர் அதை யோசிக்கலாம். ஆச்சியின் மெட்ஃபார்மின் அப்படி இல்லை. அது பசியைக் குறைக்கும், வயிற்றைப் புரட்டும், ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு அது வேண்டாத வேலை. எடை குறைக்கும் புதிய சர்க்கரை மருந்துகளுக்கும் இதே பதில்தான்.

ஊசி அளவைப் பார்த்து ஆச்சியே ஆச்சரியப்பட்டாள். மிச்சம் சுரப்பு இருப்பதால் தொடக்கத்தில் கொஞ்சமே போதும். 15 கிராம் மாவுச்சத்துக்கு அரை யூனிட் என்று டாக்டர் தொடங்கினார். ஒரு இட்லிக்கு 12 கிராம் என்று வைத்தால் நாலு இட்லிக்கு 48 கிராம், ஆக ஒன்றரை யூனிட். அரை யூனிட் வைக்கிற பேனா அதற்கென்றே கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் அப்போதும் 200-க்கு மேலேயே நின்றது. டாக்டரிடம் அந்தக் குறிப்பைக் காட்டியதும் 15 கிராமுக்கு ஒரு யூனிட் ஆக்கினார், அதே நாலு இட்லிக்கு மூன்று யூனிட். அதில் அடங்கியது. ஆறு மாதத்தில் 44.5 கிலோ. இது அவனுக்கு வந்த கணக்கு, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர் போடும் கணக்குதான் சரி.

சாப்பாட்டில்தான் ஊர்க்காரர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். சர்க்கரை என்றதும் சோற்றைக் குறை, நெய்யை நிறுத்து, தேங்காய் வேண்டாம் என்று தொடங்கிவிடுவோம். இவனுக்கு அப்படிச் செய்தால் பட்டினி போடுவதற்குச் சமம். இந்த நோய்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகக் கலோரி வேண்டும், கொழுப்பு வேண்டும், வியர்வையில் உப்பு போவதால் நம்ம ஊர் வெயிலில் உப்பும் வேண்டும். கல்யாணத்து மறுநாள் சொதிச் சாப்பாட்டில் தேங்காய்ப்பாலை அவன் தாராளமாக ஊற்றிக்கொள்ளட்டும், என்சைம் கேப்ஸ்யூல் போட்டுக்கொண்டு, சோற்றுக்குக் கணக்குப் பார்த்து ஊசியும் போட்டுக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு அல்வாகூட அந்தக் கணக்கிலேயே சேரும். நிறுத்த வேண்டியது வெறுமனே குடிக்கிற இனிப்பைத்தான்: கலர், பதநீர், ஜூஸ். உடன்குடி கருப்பட்டி போட்ட காப்பி சர்க்கரையை ஏற்றாது என்று நம்புகிறவர்கள் நிறைய, அதுவும் ஏற்றும்.

அல்வா விஷயத்தில் இன்னொன்று. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவனுக்குக் கை நடுங்கி வியர்த்தது, பார்த்தால் 58. அக்கா பதறி அல்வாவை எடுத்து ஊட்டினாள். நெய் சேர்ந்ததால் அதிலுள்ள இனிப்பு ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். 70-க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். குளுக்கோஸுக்கு என்சைம் கேப்ஸ்யூலும் தேவையில்லை.

கடைசியாக, சளி முற்றிப் படுத்திருக்கும் நாட்கள். சரியாகச் சாப்பிடவில்லையே என்று ஊசியை நிறுத்திவிடத் தோன்றும். தொற்று வந்தால், ஸ்டீராய்டு சேர்ந்தால், சாப்பாடு குறைந்திருந்தாலும் இன்சுலின் தேவை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். அந்த நாட்களில் அடிக்கடி குத்திப் பார்த்து டாக்டரிடம் போனில் சொல்லி அளவைக் கூட்ட வேண்டும். உடம்பு தேறும்போது தேவை மெதுவாக இறங்கும், சில வாரம்கூட எடுக்கும். கூட்டிய அளவிலேயே விட்டதால்தான் அன்றைக்கு 58 வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது, அளவைக் குறைக்கவில்லையா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அக்கா அடுக்களைக் காலண்டரில் அன்றன்று போட்ட யூனிட்டையும் வந்த எண்ணையும் எழுதி வைக்கிறாள்.