அட்டை 165 என்று வாரம் முழுக்கச் சொல்லாதீர்கள்

செங்குன்றம், பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் ஆயிரம் கோழி வைத்து, சென்னைக் கடைகளுக்கு நேரடியாக முட்டை போட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முட்டை உடைவது, பாக்கியை எழுதாமல் விடுவது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகப் புரிந்துவிடும். விலை சொல்லும் விதத்தில் போகும் காசு அப்படிக் கண்ணில் படாது. தீவனக்காரரைத் திட்டிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிடும்.

வாரத்துக்கு ஒரே விலை

திங்கட்கிழமை சென்னை விலை முட்டைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி, அட்டை, சிறு லாபம் என்று 50 காசு சேர்த்து, 30 முட்டை அட்டையை 165 ரூபாய்க்கு வாரம் முழுக்கத் தருவதாக ஒரு கடையில் பேசிவிடுகிறார் ஒருவர். தினமும் 25 அட்டை. புரட்டாசி முடிந்த வாரம் என்பதால் விலை நாளுக்கு 10 காசாக ஏறுகிறது. சனிக்கிழமை 5.50. அதாவது அவர் சேர்த்த 50 காசும் அன்றைக்குக் காணாமல் போயிருக்கும். ஆறு நாளில் விட்டது 1,125 ரூபாய்.

“இறங்குற வாரத்துல அது எனக்குத்தானே லாபம்?” என்பார்கள். இங்கேதான் எரிச்சல் வருகிறது. இறங்கும்போது கடைக்காரர் பேச்சைக் காப்பாற்ற மாட்டார், காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. புதன்கிழமையே, “பேப்பர்ல இறங்கிடுச்சே அண்ணே, வண்டிக்காரரு கம்மியா போடுறாரு. இன்னைக்குப் பத்து அட்டை போதும்” என்பார். மூன்று நாளில் 45 அட்டை தேங்கும். சென்னை வெயிலில் அதை விலை ஏறும் வரை அடுக்கி வைக்க முடியாது. சனிக்கிழமை மொத்த வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான். ஏறினால் நஷ்டம் உங்களுக்கு, இறங்கினாலும் உங்களுக்கு.

அதனால் ரூபாயைப் பேசாமல் கூடுதல் காசைப் பேசுங்கள். முட்டை விலையைத் தினமும் அறிவிக்கும் என்இசிசி அமைப்பின் அன்றைய சென்னை விலை, அதற்கு மேல் 30 காசு. அட்டை கடையில் இறங்கும் நாளின் விலைதான் கணக்கு. காலையில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்:

```
சென்னை 5.30 + 0.30 = 5.60 x 30 = அட்டை 168
```

இதே வரி பில்லிலும் இருக்கட்டும். திங்கட்கிழமை போட்ட சரக்குக்குச் சனிக்கிழமை பணம் தரும் கடையில், விலை இறங்கியிருந்தால் சனிக்கிழமை விலைக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். தேதியோடு விலை எழுதிய பில் இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

இதற்கும் எல்லை உண்டு. என்இசிசி விலை பரிந்துரைதான். சரக்கு தேங்கும் நாட்களில் வியாபாரிகள் அதிலிருந்து ‘மைனஸ்’ போட்டு விற்பார்கள். அப்போது கடைக்காரர் கேட்டால் 30 காசை 15 ஆக்குங்கள், ஆனால் “அடிப்படை விலையை விடுங்க, ஒரு ரேட்டு சொல்லுங்க” என்பதற்கு மட்டும் இறங்காதீர்கள். கூடுதலைப் பிறகு ஏற்றலாம். கணக்கு முறையை விட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

மெஸ், டீக்கடைக்காரர்களுக்கு மாத விலைதான் வசதி. கொடுக்கலாம், அளவைக் குறைக்க மாட்டார்கள் என்றால். விலை 20 காசுக்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மறுபடி பேசுவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாமக்கல் விலையைச் சென்னையில் சொல்வது

நாமக்கல் விலை பண்ணை வாசலில் உள்ள விலை. சென்னை வரும் லாரி வாடகை அதில் இல்லை. சென்னைக்குத் தனி விலை வருகிறது, அதைப் பாருங்கள்.

அட்டைக்கு அட்டை முழுதாக்குவது

168-ஐ 165 ஆக்கினால் 25 அட்டைக்கு நாளுக்கு 75 ரூபாய், மாதத்துக்கு 2,250. சில்லறையைப் பில்லின் கடைசி வரியில் விடுங்கள், ஒவ்வொரு அட்டையிலும் விடாதீர்கள்.

சின்ன முட்டையைக் கலப்பது

கலக்காதீர்கள். முட்டையிடத் தொடங்கிய புதுக் கோழிகளின் முட்டை சிறியது. தனி அட்டை, தனி விலை.

அடக்க விலையிலிருந்து விலை கட்டுவது

கோழிக்கு நாளுக்கு 110 கிராம் தீவனம், நூறில் எண்பது முட்டையிடுகிறது என்றால் ஒரு முட்டைக்கு 137 கிராம் தீவனம் ஆகிறது. தீவனம் கிலோ 28 ரூபாய் என்றால் அட்டைக்குத் தீவனம் மட்டும் 115 ரூபாயைத் தொடும். கடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை, அவருக்குப் பேப்பர் விலைதான் தெரியும். இது உங்களுக்கான கணக்கு: சென்னை விலை இதை நெருங்கும் வாரத்தில், முட்டை குறைந்துபோன வயதான கோழிகளைக் கறிக்கு எப்போது தள்ளுவது என்று முடிவெடுக்க.