கேட் லைட்டுக்கு சென்சார் மாட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

அக்கா வீட்டுக் கேட் லைட் போன வருடம் ஒரு வாரம் முழுக்கக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இருட்டியதும் எரியும், அரை நிமிடத்தில் அணையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எரியும். பல்பை மாற்றினார்கள், அப்புறம் இருட்டினால் லைட்டை எரிய வைத்து, விடிந்தால் அணைக்கும் சென்சாரையே மாற்றினார்கள். சிமிட்டல் நிற்கவில்லை. காரணம் சென்சார் மாட்டியிருந்த இடம். தூணின் மேல் லைட், அதற்கு ஒரு சாண் கீழே சென்சார், பக்கத்தில் புதிதாக வெள்ளையடித்த சுவர். லைட் எரிந்ததும் சுவரில் பட்ட வெளிச்சம் சென்சாரின் கண்ணில் விழுகிறது. விடிந்துவிட்டது என்று அது அணைக்கிறது. அணைந்ததும் இருட்டு, மறுபடி எரிய வைக்கிறது.

இதுதான் காரணமா என்று பார்ப்பது எளிது. சிமிட்டும் நேரத்தில் சென்சாருக்கும் லைட்டுக்கும் நடுவே ஒரு அட்டையைப் பிடியுங்கள். சிமிட்டல் நின்றால் இடத்தை மாற்றினால் போதும். தூணின் மறுபக்கத்தில், லைட்டும் தெருவிளக்கும் நேராகப் படாமல், திறந்த வானம் பார்க்கும்படி வையுங்கள். அதற்காக சன்ஷேடுக்கு அடியிலோ வேப்பமரத்து நிழலிலோ ஒளித்து வைத்தால், மாலை நான்கரைக்கே லைட் எரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது வயரிங். சென்சாரில் மூன்று வயர் இருக்கும்: பேஸ் உள்ளே வர ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, பல்புக்குப் போக ஒன்று. நம் வீடுகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பழகிவிட்டோம். ஆனால் கடையில் கிடைக்கும் பல சென்சார்களில் கறுப்பு வயர்தான் பேஸ், வெள்ளை நியூட்ரல், சிவப்பு பல்புக்குப் போவது. நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கினால் எம்சிபி விழலாம், சென்சாரே கருகலாம். பெட்டியின் மேலோ சென்சாரின் உடம்பிலோ அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். அதுவும் எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு.

சென்சாரை ஸ்விட்ச் போர்டுக்குள் கொடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நிறைய வீடுகளில் அந்தப் போர்டில் லைட்டுக்கான பேஸ் வரும், ஸ்விட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயர் இருக்கும். நியூட்ரல் அங்கே வராமல் நேராக லைட்டுக்குப் போயிருக்கும். நியூட்ரல் இல்லாமல் இந்த வகை சென்சார் வேலை செய்யாது. அதற்கு பதிலாக எர்த் வயரை இழுத்துக் கொடுப்பது மிகவும் தவறு, உயிருக்கே ஆபத்து. லைட் இருக்கும் தூணில் இரண்டு வயருமே இருக்கும். அங்கே சென்சாரைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஸ்விட்சை எப்போதும் ஆனிலேயே விடுங்கள். பழைய வீடுகளில் அந்த ஸ்விட்ச் பேஸில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நியூட்ரலில் இருந்தால், ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். மழையில் நனைந்த தூணில் பல்பு மாற்றப் போகிறவருக்கு அது தெரியாது.

மாட்டியதும் பகலில் விரலால் மூடிப் பார்த்து, "எரியலையே, சென்சார் போச்சு" என்று கழற்றிவிடுகிறவர்கள் அதிகம். விரல் இடுக்கில் வெளிச்சம் புகும். தவிர, மேகமோ வண்டி வெளிச்சமோ ஏமாற்றாமல் இருக்க, பல சென்சார்கள் சிறிது தாமதித்தே வேலை செய்யும். கறுப்புத் துணியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

இணைப்பை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றித் தூணின் குழிக்குள் திணித்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கும், கரண்ட் கசிந்தால் விழும் வீட்டு ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். வயர் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழையும் முன் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டால், வயரைப் பிடித்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

வானம் தெரியும் இடமே கிடைக்காதவர்களுக்கு டைமர்தான் சரி. ஆனால் பேட்டரி இல்லாத, சுற்றும் முள் டைமர் வாங்காதீர்கள். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் இரண்டு மணி நேரம் பின்தங்கும், எட்டு மணிக்குத்தான் கேட்டில் வெளிச்சம் வரும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரிலும் ஒருமுறை வைத்த நேரம் வருடம் முழுக்கப் பொருந்தாது. சென்னையில் நவம்பர் கடைசியில் 5:40 வாக்கில் சூரியன் மறையும், ஜூலை தொடக்கத்தில் 6:40 ஆகிவிடும். ஐப்பசி பிறக்கும்போது ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை நேரத்தை மாற்றி வைத்தால் போதும்.