ஆட்டுக்கும் மாட்டுக்கும் இபில் இபில் குழை: ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?

போன மார்கழியில் பக்கத்து வளவு அக்கா வந்து, "தம்பி, மறியாட்டின்ர முதுகு மயிரைத் தொட்டால் கையோட வருது, சொறியாக்குமோ?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். சொறி இல்லை, தோல் சுத்தமாக இருந்தது. வாயில் மட்டும் வாணி ஒழுகிக்கொண்டிருந்தது. கொட்டில் வாசலில் பார்த்தால், மழைக்குப் பிறகு தளதளவென்று தளிர்த்த இபில் இபில் கொப்புகள் குவிந்து கிடந்தன. இரண்டு கிழமையாக வேறு குழையே வெட்டவில்லையாம்.

இபில் இபில், தமிழ்நாட்டில் சவுண்டல் அல்லது சூபாபுல் என்பார்கள், புரதம் நிறைந்த நல்ல குழை. அதை வெட்டி எறியச் சொல்லவில்லை. ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அது உரோமம் வளர்வதை நிறுத்திவிடும். இரைப்பைக்குள் போனபின் அது டிஎச்பி என்ற இன்னொரு பொருளாக மாறி, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால் அளந்து போட வேண்டும். அளப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: ஆட்டின் நிறையைக் கண்டுபிடியுங்கள்

தராசு தேவையில்லை, தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள். அப்புறம் தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ வரும்.

அக்காவின் மறியாட்டுக்குச் சுற்றளவு 26, நீளம் 24. 26 × 26 × 24 = 16,224. அதை 660 ஆல் வகுத்தால் 24.6. சரி, 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டுக்கும் இதே கணக்குத்தான். சுற்றளவு 58, நீளம் 49 என்றால் ஏறக்குறைய 250 கிலோ.

படி 2: நிறைக்கு ஏற்ற இலையை நிறுத்துக்கொள்ளுங்கள்

நான் பின்பற்றும் அளவு: ஒரு கிலோ உடல் நிறைக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் பச்சை இலை. 25 கிலோ ஆட்டுக்கு அரைக் கிலோ, 250 கிலோ மாட்டுக்கு 5 கிலோ. இதற்கு மேல் வேண்டாம்.

இந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்களே கூட்டிக் குறைக்கலாம். இந்தக் குழைக்குப் பழகாத ஆடு மாடுகள் தொடர்ந்து தாங்கும் மிமோசின், உடல் நிறை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.18 கிராம் அளவில்தான். 25 கிலோ ஆட்டுக்கு அது 4.5 கிராம். முற்றிய இலையை ஈரம் போகக் காய வைத்தால் பத்துக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். அந்தக் காய்ந்த இலையில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு மிமோசின் இருக்கும். நான் 3 என்று எடுத்துக்கொள்கிறேன். அரைக் கிலோ பச்சை இலை காய்ந்தால் 150 கிராம், அதில் 3 பங்கு 4.5 கிராம். எல்லையில் அப்படியே வந்து நிற்கிறது.

மொத்தத் தீனியில் 30 சதவீதம் வரை இபில் இபில் போடலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது உச்ச அளவு. நம்முடைய 25 கிலோ ஆடு ஒரு நாளில் தின்னும் தீனியைக் காய்ந்த கணக்கில் பார்த்தால் 750 கிராம் வரும். அதில் 30 சதவீதம் 225 கிராம். மிமோசின் 6.75 கிராம் ஆகிவிடும். எனக்கு அது கூடுதலாகத் தெரிகிறது. ஐந்தில் ஒரு பங்கோடு நிற்பதே நல்லது.

படி 3: குருத்தை முறித்து எடுத்துவிடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். இளங்குருத்தில் மிமோசின், காய்ந்த கணக்கில் நூற்றுக்கு 10 பங்கு அளவுக்கும் போகும். முற்றிய இலையை விட மும்மடங்கு. அதே 4.5 கிராம் எல்லையைத் தொட வெறும் 45 கிராம் காய்ந்த குருத்துப் போதும். முழுக்கொப்பைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு முதலில் கடிப்பது அந்தக் குருத்தைத்தான். நீங்கள் நிறுத்துக் கொடுத்த கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

கொக்கத்தடியால் கொப்பை விழுத்தியதும் நுனியில் ஒரு சாண் அளவை முறித்து ஒதுக்குங்கள். தோட்டத்துக்குத் தாட்க நல்ல பசளை அது. காயையும் விதையையும் அப்படியே விலக்குங்கள். பிறகு தடித்த தண்டு இல்லாமல் இலையை உருவி நிறுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின், அல்லது வேலியை வெட்டிவிட்ட சில கிழமைகளில், மரம் முழுக்கத் தளிராக நிற்கும். அப்போது அரைக் கிலோவையும் பாதியாகக் குறைக்கிறேன்.

படி 4: மெதுவாகப் பழக்குங்கள்

25 கிலோ ஆட்டுக்கு முதல் கிழமை 125 கிராம், இரண்டாம் கிழமை 250, மூன்றாம் கிழமை 375, அதன்பின் அரைக் கிலோ. வயிறு நிறைய வேறு தீனி முதலில் கிடைக்கட்டும்: பூவரசு, முள்முருக்கு, பலாவிலை, மாட்டுக்கு வைக்கோல், பனையோலை. பசியோடு நிற்கும் ஆட்டின் முன் இபில் இபிலைப் போடவே வேண்டாம். கறவை மாட்டுக்குப் பால் கறந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் பாலில் வாடை தெரியும்.

காய வைத்தால் நஞ்சு போய்விடும் என்பது பாதி உண்மைதான். வெயிலில் வாட்டினால் மிமோசின் ஓரளவு குறையும், ஆனால் அது டிஎச்பியாக மாறுவதும் நடக்கிறது. உரோமம் கொட்டுவது குறையலாம், கழுத்துச் சுரப்பிக்கு வரும் கெடுதல் போகாது. அயடின் உப்புக் கொடுத்தும் இதைச் சரிக்கட்ட முடியாது.

டிஎச்பியைச் சிதைக்கும் பக்டீரியா ஒன்று உண்டு. ஹவாய்த் தீவு ஆடுகள் இதைத் தின்றும் நலமாக இருப்பதைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், 1980களில் அவற்றின் இரைப்பை நீரை அவுஸ்திரேலிய ஆடு மாடுகளுக்கு மாற்றிப் பாதுகாப்பை ஏற்படுத்தினார்கள். 1992இல் அந்தப் பக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். உங்கள் ஆட்டின் வயிற்றில் அது இருப்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது, ஆகவே இல்லையென்றே கணக்குப் போடுங்கள்.

படி 5: கிழமைக்கு ஒருமுறை தடவிப் பாருங்கள்

முதுகிலும் மாட்டின் வால் குஞ்சத்திலும் ஒரு சிட்டிகை முடியை மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கொத்தாக வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. வாணி ஒழுகுதல், தீனி குறைதல், உடம்பு வற்றுதல் கூடவே வரும். தொண்டைக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். சினைப்பட்டதற்குக் கடைசி இரண்டு மாதம் நான் இபில் இபில் போடுவதே இல்லை. தாய்க்கு எதுவும் தெரியாமலிருக்க, குட்டி வலுவில்லாமல், கழுத்து வீங்கிப் பிறக்கலாம். முயல், கோழி, பன்றிக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றின் உடம்பு இதைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

அறிகுறி கண்டால் குறைக்காதீர்கள், முழுவதும் நிறுத்துங்கள். மிருக வைத்தியரிடம் காட்டி, என்ன குழை, எத்தனை நாள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

அக்காவின் மறியாட்டுக்கு அன்றே இபில் இபிலை நிறுத்திப் பூவரசும் பலாவிலையும் போட்டோம். நாலு நாளில் வாணி நின்றது. மாசி முடிவதற்குள் முதுகில் புது முடி குத்திட்டு வந்தது. இப்போது அவர் வீட்டுக் கொட்டில் தூணில் ஒரு சின்னத் தொங்கு தராசு கட்டியிருக்கிறது. அதில் தொங்கும் பையில் அரைக் கிலோவுக்கு மேல் இலை போவதில்லை.