ஒரே மச்சத்துக்கு 61 போட்டோ: அடிக்கடி பார்ப்பதை நிறுத்தி, ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

போன வருஷம் என் போன் கேலரியில் ஒரே மச்சத்தின் படம் 61 இருந்தது. இடது கணுக்காலுக்கு மேலே, மிளகில் பாதி அளவு. பாத்ரூம் டியூப் லைட்டில் எடுத்ததில் கறுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததில் பழுப்பு. ராத்திரி ஒரு மணிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புற்றுநோயோ என்று யாருக்கும் வயிறு கலங்கும். அதிலிருந்து நான் வெளியே வந்த வழி இது.

படி 1: ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு தடவை. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த லென்ஸில் பார்ப்பார். "ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கேட்டால் "இல்லை" என்பார், வாசல் தாண்டுவதற்குள் அந்தப் பதில் கரைந்துவிடும். "எது மாறினா நான் திரும்ப வரணும்?" என்று கேட்டு, சொன்னதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: அடிப்படைப் படம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மச்சத்தை ஒட்டி மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து ஒரு படம். எந்த இடம், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அடுத்த படமும் அதேபோல இருந்தால்தான் ஒப்பிட முடியும். பழைய படங்களை அழித்துவிடுங்கள். எனக்கு அழிக்க மூன்று நாள் ஆனது.

படி 3: மாதம் ஒரு நாள், பத்து நிமிஷம். எனக்கு முதல் ஞாயிறு. ஒரு பாதி இன்னொரு பாதி மாதிரி இருக்கிறதா, ஓரம் சீராக இருக்கிறதா, பல நிறம் கலந்திருக்கிறதா, 6 மி.மீ. தாண்டியதா, மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அடிப்படைப் படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பது. உள்ளங்கால், உள்ளங்கை, நகங்களையும் விடாதீர்கள். நம் நிறத்துக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபூர்வம்தான்; ஆனால் வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் விரலில்.

படி 4: மீதி நாட்கள். கஷ்டமே இங்கேதான். கை தானாகக் கணுக்காலுக்குப் போகும். பார்த்தவுடன் ஒரு நிம்மதி வரும், அரை மணியில் "சரியாத்தான் பாத்தேனா?" என்று மனசு திரும்ப ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, பார்த்ததின் மேல் நம்பிக்கை குறையும். கேஸ் அடுப்பை ஐந்து தடவை சரிபார்த்தவர்களுக்கு இது புரியும். தொட்டும் தேய்த்தும் பார்த்தால் இடம் சிவந்து தடிக்கும், அதுவே புதுப் பயம். பார்க்கத் தோன்றியதும் நேரத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு 15 நிமிஷம் தள்ளிப் போட்டேன். முதல் வாரம் ஒரு நாளில் 22 தடவை எழுதினேன். வீட்டில் என் மனைவியோடும் ஒரு ஒப்பந்தம். நான் காலை நீட்டினால் "ஒண்ணும் இல்லைங்க" என்று அவள் சொல்லக் கூடாது. "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். கோபம் வந்தது, ஆனால் வேலை செய்தது. இத்தனைக்கும் அடங்காமல் தூக்கமும் வேலையும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேச டெலி மானஸ், எண் 14416.

படி 5: பயமா, காரணமா? நாலாவது மாதம் மச்சத்தைச் சுற்றிச் சிவப்பு. பழைய நானாக இருந்தால் அன்றைக்கே மூன்று டாக்டர். ஸ்கேல் படத்தில் அளவு, ஓரம், நிறம் எதுவும் மாறவில்லை. அதோடு, சாக்ஸ் எலாஸ்டிக் அழுத்தும் இடமும் அதுதான். தொடாமல் இரண்டு வாரம் விட்டு அதே வெளிச்சத்தில் படம் எடுத்தேன். சிவப்பு போயிருந்தது. போகாமல் இருந்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பேன். காரணம் என்பது அளவில் தெரியும், நாளைக் காலையிலும் இருக்கும், இன்னொருவர் கண்ணுக்கும் படும். "நூறு சதவீதம் உறுதியா?" என்று கேட்பது பயம், எந்தப் பதிலும் அதற்குப் போதாது.

சிலவற்றுக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்: அடிபடாமலே ரத்தம் கசியும் மச்சம், சில வாரங்களில் கெட்டியாக வளரும் மேடு, ஒரு மாதமாகியும் ஆறாத புண், ஒரே நகத்தில் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோடு, அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுவது. அப்போது பயம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். என் மாமாவுக்கு உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு, இரண்டு படங்களுக்கு நடுவே 5 மி.மீ. 8 ஆகியிருந்தது. அவருக்குத் துளிப் பயம் கிடையாது, "செருப்புக் கறைடா" என்றார். அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு பயாப்சிக்குத் தேதி கொடுத்தார்.